அக்காவின் காலை மாத்திரை

எடை பார்க்க ஏறுவதற்கு முன் அக்கா செருப்பைக் கழற்றுவாள். கைப்பையை என்னிடம் தருவாள். கைப்பேசியைத் தருவாள். ஒருநாள் கொண்டை ஊசிகளைக்கூட உருவி என் உள்ளங்கையில் வைத்தாள்.

தாதி சிரித்துவிட்டார். "அக்கா, ஊசியில எத்தன கிலோ லா இருக்கப் போவுது?"

"உங்களுக்கு என்னா மிஸ்ஸி, நாலு மணி நேரம் நானா நீங்களா அந்த மெஷின்ல கெடக்குறது?"

கிள்ளானில் ஒரு கடைவீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த டயாலிசிஸ் நிலையம். மேலே டியூஷன் வகுப்பு, பக்கத்தில் டயர் கடை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று காலைகள் அக்காவை அங்கே அழைத்துப் போவேன். முடிந்ததும் வீட்டில் விட்டுவிட்டு, ரயில் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வேலைக்குப் போவேன். அங்கே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் காய்கறி வெட்டுவதும் மாலையில் குழம்பு கிளறுவதும் என் வேலை. முன்பக்கம் போய் வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடிக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு அந்த அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இருவர்தான்.

சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர், குழம்பில் இருக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியது எதுவும் இல்லாமல் ஒருவர் எவ்வளவு எடை இருக்க வேண்டுமோ, அதை டிரை வெயிட், அதாவது உலர் எடை, என்பார்கள். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு கிலோ என்று போட்டிருந்தார்கள். அறுபத்தொன்று காட்டினால் மூன்று கிலோவை இயந்திரம் ரத்தத்திலிருந்து இழுத்து எடுக்க வேண்டும். எடுத்தால்தான் மூச்சு விட முடியும், படுத்துத் தூங்க முடியும். அக்காவால் இரண்டும் முடியவில்லை. ஏனென்றால் அந்த மூன்று கிலோ ஒருநாளும் முழுதாக வெளியே வரவில்லை.

காலையில் போய்ச் சேரும்போது அவள் ரத்த அழுத்தம் அழகாக இருக்கும். தாதி பட்டையைச் சுற்றிப் பார்த்து, "பாகுஸ், நல்லாருக்கு அக்கா, நூத்தி முப்பது" என்பார். அக்கா பரீட்சையில் தேறிய பிள்ளையைப் போல என்னைத் திரும்பிப் பார்ப்பாள். முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகு கொட்டாவி வரும். ஒன்று, இன்னொன்று, நிற்காமல். அக்கா கொட்டாவி விட்டால் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நான் எழுந்துவிடுவேன். அவளுக்கு நெற்றி வேர்க்கும், கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு இழுக்கும், கண் செருகும். இயந்திரம் கத்தும். தாதிகள் ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்துவார்கள். தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டு உப்புநீரை உள்ளே விடுவார்கள். எடுத்ததில் கொஞ்சம் திரும்ப உள்ளே போய்விடும்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அங்கிள், பழைய லோரி டிரைவர், கண்ணை மூடியபடியே சொல்வார்: "தங்கச்சி, உன் டேங்கில ஓட்ட இல்ல லா. டிரைவர்தான் தூங்குறான்."

"ஒங்க லோரிய நீங்க பாருங்க அங்கிள்," என்பாள் அக்கா, குரல் எழும்பாமல்.

இப்படி ஒன்றரை கிலோ மிச்சத்தோடு வீட்டுக்கு வருவோம். இரவு நான் வேலை முடிந்து வந்து வீட்டிலிருக்கும் பிரஷர் மெஷினில் பார்த்தால் நூற்றுத் தொண்ணூறு காட்டும். கால் வீங்கியிருக்கும். மூன்று தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். நான் ஹாலில் படுத்துக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கிளினிக்கில் அந்த இரவுக் கணக்கைக் காட்டினால் டாக்டர் இன்னொரு மாத்திரை எழுதுவார். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், எல்லாரும் நல்லவர்கள், எல்லாருக்கும் அவசரம். மருந்துக் கவுண்டரில் தரும் பொட்டலத்தின் மேல் 'பாகி' என்று மலாயில் எழுதியிருக்கும். பாகி என்றால் காலை. அக்கா காலையில் போட்டுக்கொள்வாள். டயாலிசிஸ் நாளோ, இல்லாத நாளோ, விடியற்காலையில் அரைக் கோப்பைக் காப்பியோடு ஒவ்வொன்றாக விழுங்குவாள். இரண்டாக இருந்தது மூன்றானது, நான்கானது, ஐந்தானது. மாத்திரை கூடக் கூட நாற்காலியில் அழுத்தம் விழுவதும் கூடியது. விழ விழத் தண்ணீர் மிச்சமானது. தண்ணீர் மிச்சமாக ஆக இரவில் அழுத்தம் ஏறியது. அது ஏறியதும் இன்னொரு மாத்திரை. இது ஒரு வட்டம் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வியாதி முற்றுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டோம்.

அக்கா மாத்திரைக்குக் கொடுத்த மரியாதைக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் அம்மாவுக்கும் பிரஷர் இருந்தது. ஒரு பெருநாள் விடுமுறையில் மருந்து தீர்ந்துபோய், கிளினிக் திறக்கட்டும் என்று சில நாள் விட்டுவிட்டார். குளியலறையில் விழுந்தவர், வலது கையும் பேச்சும் போனபடி பல வருடம் கிடந்தார். அப்போது அக்கா கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவின் வாயைத் துடைத்தவள், அம்மா எதையோ சொல்ல முயன்று முடியாமல் அழுததைப் பார்த்தவள் அவள்தான். "நான் செத்தாலும் பரவால்ல டா. அம்மா மாதிரி கெடக்க மாட்டேன்," என்று அடிக்கடி சொல்வாள். வீட்டில் காப்பித்தூள் தீர்ந்திருக்கிறது, அரிசி தீர்ந்திருக்கிறது. பிரஷர் மாத்திரை தீர்ந்ததே இல்லை.

மூன்றாவது வருடத்தில் நிலையத்துக்கு ஒரு புது சிஸ்டர் வந்தார். தலைமைத் தாதி. பெரிய அரசாங்க மருத்துவமனையில் வெகுகாலம் டயாலிசிஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர் என்றார்கள். செராஸிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் காரில் வருவார். அதிகம் பேசமாட்டார். வந்த முதல் வாரம் அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு அழுத்தம் விழுந்ததும் மற்ற தாதிகளோடு சேர்ந்து காலைத் தூக்கிப் பிடித்தார். எல்லாம் அடங்கிய பிறகு கேட்டார்:

"அக்கா, காலையில மருந்து சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் சிஸ்டர். ஒரு நாளும் விட மாட்டேன்."

"அத்தனையுமா?"

"அத்தனையும்." பெருமையாகத்தான் சொன்னாள்.

சிஸ்டர் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார். நான் எழுந்து நின்றேன், உள்ளே போகவில்லை. அவரே வெளியே வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ராத்திரி சாப்பாடு யாரு சமைக்கிறது?"

கடையிலிருந்து நான்தான் பொட்டலம் கொண்டுபோகிறேன் என்றேன். குழம்பு, ரசம், சில நாள் கருவாட்டுச் சம்பால். அக்காவுக்குப் பிடித்ததாகப் பார்த்து எடுத்துப் போவேன்.

"உப்பு தாகத்தக் கொண்டு வரும். தாகம் தண்ணியக் கொண்டு வரும். இனிமே வீட்டுல சமைச்சுக் குடுக்க முடியுமா?"

தலையாட்டினேன்.

அந்த மாதம் சிறுநீரக டாக்டர் வந்தபோது சிஸ்டர் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். டாக்டர் அக்காவின் கால் எலும்பின் மேல் விரலை அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை சிஸ்டர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"மெஷின் ரத்தத்துலேருந்து தண்ணிய எடுக்கும்போது, ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கி, இருதயம் கொஞ்சம் வேகமா அடிச்சு, பிரஷர் விழாமப் பாத்துக்கும். அதுதான் ஒடம்போட வேல. நீங்க காலையில சாப்டுற மாத்திரை, சுருங்காத, வேகமா அடிக்காதன்னு சொல்லுது. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா என்னா ஆவும்? விழுந்துருவீங்க. விழுந்தா தண்ணிய எடுக்க முடியாது. அந்தத் தண்ணிதான் ராத்திரி ஒங்க பிரஷர ஏத்துது. மாத்திரையால தண்ணிய வெளிய அனுப்ப முடியாது அக்கா."

"அப்ப மாத்திரைய நிறுத்தணுமா?" அக்காவின் முகம் மாறியது.

"நிறுத்தல. நேரத்த மாத்துறோம். இங்க வர்ற நாள்ல காலையில வேண்டாம். ராத்திரி போடுங்க. அதுல ஒண்ண மெஷினே கழுவி வெளிய தள்ளிரும், அது காலையில போட்டும் வீண்தான். வராத நாள்லயும் ராத்திரியே போடுங்க, ஒரே பழக்கமா இருக்கும். திடீர்னு எதையும் விட்டுடக் கூடாது." பிறகு பக்கத்து நாற்காலி அங்கிள் காது கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது அக்காவுக்கு மட்டும். ஒங்களுக்கு டாக்டர் வேற சொல்வாரு," என்றார்.

"நான் தூங்குறேன் சிஸ்டர்," என்றார் அங்கிள்.

இன்னொன்றும் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு கிலோ என்பது மூன்று வருடத்துக்கு முந்தின அக்கா. அதற்குப் பிறகு சாப்பாடு குறைந்து சதை கரைந்திருக்கிறது. சதை போன இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்ததால் தராசில் அது தெரியவில்லை. ஆகவே உலர் எடையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அவசரப்பட்டால் மறுபடி விழுவாள்.

அக்கா எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

நான் உப்பில்லாமல் சமைக்க ஆரம்பித்தேன். கடையில் நாற்பது பேருக்குக் குழம்பு வைக்கிறவனுக்கு ஒருவருக்குச் சமைக்கத் தெரியவில்லை. புளியும் மிளகும் பூண்டும் வைத்துச் சமாளித்தேன். அக்கா ஒரு வாய் எடுத்துவிட்டு, "இது என்னா டா, சாம்பாரா, பாத்திரம் கழுவுன தண்ணியா? ஒன் மொதலாளிகிட்ட இதக் குடு, நாளைக்கே சம்பளத்த ஏத்திக் குடுப்பாரு," என்பாள். ஆனாலும் சாப்பிடுவாள்.

காலை மாத்திரையை மட்டும் அவள் விடவில்லை. டயாலிசிஸ் நாள் காலையில் நான் குளிக்கப் போகும்வரை காத்திருப்பாள். வெளியே வரும்போது காப்பிக் கோப்பை கவிழ்த்திருக்கும், குப்பையில் அலுமினிய உறை கிடக்கும். நான் பார்த்ததை அவள் பார்ப்பாள்.

"ரெண்டே ரெண்டுதான் டா. ராத்திரி மிச்சத்தப் போட்டுக்கிறேன்."

"சிஸ்டர் வேணாம்னாங்க இல்ல."

"சிஸ்டரோட அம்மாவா விழுந்தாங்க? நீ வாயத் தொறக்காத."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பழக்கம். ஆனால் அந்த வாரம் வீக்கம் முட்டிக்கு மேலே ஏறியிருந்தது. இரவில் இருமல் வந்து, ஜன்னலைத் திற, மின்விசிறியைத் திருப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை சிஸ்டரே வந்து பட்டையைச் சுற்றினார். நூற்று இருபத்தெட்டு. எண்ணையும் அக்காவின் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மருந்து சாப்ட்டீங்களா அக்கா?"

"இல்ல சிஸ்டர். நீங்கதான் சொன்னீங்களே."

நான் அப்போது அக்காவின் கைப்பையை நாற்காலியில் மாட்ட உள்ளே வந்திருந்தேன். எடுக்க வேண்டிய தண்ணீரின் அளவை சிஸ்டர் இயந்திரத்தில் அழுத்தத் தொடங்கினார். மூன்றரை. அந்த எண் திரையில் ஏறுவதைப் பார்த்தேன். இன்றைக்கு அக்கா விழுந்தால் திரும்ப எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"சாப்ட்டுச்சு சிஸ்டர்," என்றேன். "ரெண்டு. காலையில."

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள்.

சிஸ்டர் திட்டவில்லை. டாக்டருக்குப் போன் செய்து அன்றைக்கு எடுக்கும் அளவைக் குறைத்தார். மிச்சத்துக்காக மறுவாரம் ஒருநாள் கூடுதலாக வரச் சொன்னார்கள். பிறகு உருளும் முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு அருகில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசினார்கள். நான் வெளியே வந்துவிட்டதால் கண்ணாடி வழியாக உதடுகளைத்தான் பார்த்தேன். இடையில் அக்கா தன் வலது கையை இடது கையால் தூக்கி, அது செத்த கை மாதிரி மடியில் விழுவதைக் காட்டினாள். அம்மாவைப் பற்றிச் சொல்கிறாள் என்று புரிந்தது. அக்கா அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் பேசவில்லை. ஞாயிறு பேசவில்லை. சோற்றை வைத்தால் சாப்பிட்டாள். திங்கள் இரவு அறையிலிருந்து குரல் வந்தது.

"ஊருக்கு முன்னாடி அக்காவக் காட்டிக் குடுத்துட்ட. பேசவே தெரியாதவன்னு நெனச்சேன். நல்லாத்தான் பேசுற."

"அக்கா..."

"நாளைக்குக் காலையில போடல. போதுமா? விழுந்தா நீதான் பாத்துக்கணும். எனக்குப் பேச்சு வரலன்னா நான் என்னா கேக்குறேன்னு நீயாப் புரிஞ்சுக்கணும்."

"சரி."

"சரியாம்."

செவ்வாய் காலை மாத்திரை இல்லாமல் காப்பி குடித்தாள். வீட்டு மெஷினை எடுத்து வரச் சொன்னாள். நூற்று எழுபத்தெட்டு. அதைப் பார்த்ததும் அவள் கை மாத்திரைப் பெட்டி வரை போய்த் திரும்பியது. தலைவலி, நெஞ்சு வலி, கண் மங்கல் எதுவும் இருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஒன்றுமில்லை என்றாள். வாடகைக் காரில் போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஒரு மலாய்க்கார இளைஞர், கண்ணாடியில் எங்களைப் பார்த்து வானொலியைக் குறைத்தார். விளக்குச் சிவப்பாகி வண்டி நிற்கும்போதெல்லாம் அவள் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள், இன்னும் அசைகின்றனவா என்று.

அன்றைக்கு சிஸ்டர் அக்காவை விட்டு நகரவேயில்லை. ஒவ்வொரு முறை பட்டை இறுகித் தளரும்போதும் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். நூற்று அறுபத்தைந்து. நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று நாற்பத்தாறு. "பாருங்க, மாத்திரை இல்ல. தண்ணி போவுது, பிரஷர் எறங்குது. அவ்ளோதான்." மூன்றாவது மணி நேரம் வந்தது. அக்கா வாயைத் திறந்தாள். நான் எழுந்துவிட்டேன். கொட்டாவி இல்லை, அங்கிளிடம் ஏதோ பதில் சொன்னாள். போட்ட அளவு முழுதும் வெளியே வந்தது. அப்படி வந்தது எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை.

அதனால் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் சில வாரம் இரவு அழுத்தம் இறங்கவே இல்லை. தண்ணீர் குறைந்த பிறகும் ரத்தக்குழாய்கள் பழகுவதற்கு நாள் எடுக்கும், பொறுங்கள் என்றார் சிஸ்டர். அக்கா பொறுத்தாள். தினமும் ராத்திரி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப போடலாமா தொர?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் விழுங்குவாள். எடை ஐம்பத்தேழரை ஆனது, ஐம்பத்தேழு ஆனது, இன்னும் இறங்கியது. ஐந்து மாத்திரை நான்கானது, பிறகு மூன்று, பிறகு இரண்டு. ஒவ்வொன்றும் டாக்டர் சொல்லித்தான். தலையணை மூன்றிலிருந்து ஒன்றானது. ஒரு இரவு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் மூச்சுச் சத்தமே இல்லை. பயந்து அறைக்குள் ஓடினேன். ஒருக்களித்துப் படுத்துச் சின்னப் பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் போகப் போகத்தான் அக்கா எவ்வளவு மெலிந்து போயிருந்தாள் என்று தெரிந்தது. கன்னம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது கன்னமே இல்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. காறை எலும்புக்குப் பின்னால் குழி விழுந்தது. வருடக்கணக்காக அந்த முகத்தைத் தண்ணீர் மூடி வைத்திருந்திருக்கிறது. அவள் கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தடவிப் பார்த்தாள்.

"இவ்ளோ தண்ணியவா டா தூக்கிக்கிட்டு நடந்தேன்?"

நான் அவள் வளையலை மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டேன்.

"கெழவியாயிட்டேன்," என்றாள். பிறகு கண்ணாடியைத் துணி போட்டுத் துடைத்தாள், அதில் அழுக்கு ஒன்றும் இல்லாதபோதும்.

அதற்குள் இருதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வீங்கிச் சோர்ந்திருந்தது. பல வருடம் உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராக அடித்தது, பல வருடம் மிதமிஞ்சிய தண்ணீரை இறைத்தது. இப்போது சுமை குறைந்தாலும் பழைய பலம் முழுதும் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். சிஸ்டர் அதைத் தமிழில் சொல்லும்போது அக்கா கேட்டாள்: "கொஞ்சம் முன்னாடியே மாத்தியிருந்தா?"

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவின் கடைசி மாதங்களில் காலை மாத்திரை இல்லாமலே சில நாள் அழுத்தம் விழத் தொடங்கியது. இந்தத் தடவை அது இருதயத்தின் களைப்பு. நேரத்தை ஐந்து மணியாக நீட்டி, தண்ணீரை மெதுவாக எடுத்தார்கள். அக்கா முணுமுணுத்தாள், ஆனாலும் போனாள். சனிக்குப் பிறகு செவ்வாய்வரை இடையில் இரண்டு முழு நாள் வருகிறதே, அந்த இடைவெளிக்குத்தான் சிஸ்டர் பயப்படுவார். அந்த நாள்களில் தண்ணீரை அளந்து ஒரு போத்தலில் ஊற்றி வைப்பேன். அக்கா அதற்கு மேல் கேட்கமாட்டாள். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எழுப்பப் போனேன். எழுந்திருக்கவில்லை. தூக்கத்தில் இருதயம் நின்றிருக்கிறது என்றார்கள். கால் வீங்கவில்லை. முகம் வீங்கவில்லை. போத்தலில் பாதி தண்ணீர் இருந்தது.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். சுங்கை வேயிலிருந்து அத்தை வந்தார், அப்பாவின் தங்கை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அலறினார்.

"ஐயோ, என்னாடா இது, எலும்பா இருக்கா! புள்ளைக்கு என்னாடா சோறு போட்ட?"

யாரோ அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மெல்ல விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு கூட்டத்தின் நடுவில் குரல் எழுந்தது.

"காலையில பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டானாம். யாரோ நர்ஸ் சொன்னாளாம். எங்கண்ணி எப்படிப் போனாங்கன்னு தெரிஞ்சுமா டா? அஞ்சு மாத்திரைய ரெண்டாக்கிட்டானாம்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிறுத்தவில்லை அத்தை, நேரத்தை மாற்றினோம், மாத்திரை குறைந்தது அவளுக்குக் கிடைத்த நல்லது என்று சொல்ல வேண்டும். சொற்கள் வரிசையாக உள்ளே இருந்தன. தண்ணீர், ரத்தக்குழாய், உலர் எடை என்று எங்கிருந்து ஆரம்பித்தாலும் இழவு வீட்டில் அது சாக்குப் போலத்தான் இருக்கும். ஊதுவத்தியை மாற்றி வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மாலையில் சிஸ்டர் வந்தார், வேலை உடுப்பிலேயே. கும்பிட்டுவிட்டு அக்காவின் கால்மாட்டில் நின்றார். அவர் கை, பழக்கம் போலிருக்கிறது, துணியால் மூடியிருந்த அக்காவின் கணுக்காலை லேசாக அழுத்திப் பார்த்தது. படிக்கட்டு வரை அவரோடு போனேன். அங்கே யாரும் இல்லை.

"சிஸ்டர், நான் அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா?"

சிஸ்டர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாம இருந்திருந்தா அன்னைக்கோ அடுத்த வாரமோ போயிருப்பாங்கன்னு நெனைக்கிறேன், அண்ணே. நுரையீரல் பூரா தண்ணி. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்லுன்னா என்னால முடியாது. இந்த வேலையில யாராலயும் முடியாது."

"அத்தை சொல்றாங்க..."

"கேட்டேன். நான் வந்து பேசவா?"

வேண்டாம் என்றேன். அத்தையும் அழ வேண்டியிருந்தது. யார் மேலாவது கோபப்படாமல் அவருக்கு அழத் தெரியாது.

காரியம் முடிந்த பிறகு மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க கிளினிக்குக்குப் போனேன். குறைக்கச் சொல்லும் முன்பே பல மாதத்துக்கு வாங்கி வைத்திருந்தவை, அக்காவின் சேமிப்பு. மருந்துக் கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். இவ்வளவு மிச்சம் இருக்கிறதே, ஒழுங்காகச் சாப்பிடவில்லையா என்று மலாயில் கேட்டார்.

எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. வழக்கமாக இருந்தால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

சாப்பிட்டாள் என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில். எல்லா ராத்திரியும், டாக்டர் சொன்னபடி சாப்பிட்டாள். இது டாக்டர் வேண்டாம் என்று சொன்னது. படுத்துத் தூங்க ஆரம்பித்த பிறகு இவ்வளவு தேவைப்படவில்லை.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் அக்காவின் பெயர் எழுதி ஒட்டிய தாளைக் கிழித்துத் தனியாக வைத்தார். கடைசித் தாள் கிழியும்வரை நின்றிருந்தேன். பிறகு வெறும் பையை மடித்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் காய்கறி வெட்ட நேரமாகியிருந்தது.